பதினொரு பேரும் பார்வர்டு

1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் விதிகளை எழுதியது, அப்புறம் மேதைகள் ஒவ்வொருவராகத் தோன்றினார்கள், ஆட்டம் படிப்படியாக வளர்ந்தது என்று புத்தகங்கள் சொல்கின்றன. எங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அந்த வரலாறு மொத்தத்தையும் கொங்கு நாட்டின் பதினொரு வீடுகளில் உட்கார்ந்துகொண்டு, கையில் கன்ட்ரோலரோடு நாங்களே இன்னொரு தடவை நடத்திப் பார்த்துவிட்டோம். மேதை எவனும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்ததெல்லாம் ஒரே சண்டை: பின்னாடி யார்றா நிக்கிறது?

கால்பந்து வீடியோ கேமில் வழக்கமாக ஒரே ஆள் பதினொரு பொம்மைகளையும் ஆட்டுவான். பந்து எவனிடம் இருக்கிறதோ அவன்தான் நீங்கள். அது ராஜ வாழ்க்கை. ப்ரோ கிளப்ஸ் என்கிற ஆட்டத்தில் அந்த சொகுசு கிடையாது. ஒரு மனுசனுக்கு ஒரு வீரன்தான். பெயர், முகம், உயரம், எடை எல்லாம் நீங்களே வைத்துச் செய்துகொள்ளலாம். பந்து உங்களிடம் இல்லாதபோதும் நீங்கள் அவனாகத்தான் திரியவேண்டும். மேட்ச் தொடங்குமுன் திரையில் மைதானம் வரும், பதினொரு வட்டங்கள் இருக்கும். ஆளுக்கொரு வட்டத்தைப் பிடித்துப் பூட்டவேண்டும். முந்திப் பிடித்தவனுக்கே இடம். ஆள் குறைந்தால் மிச்ச இடங்களைக் கணினி ஆடும், அல்லது ஒருவன் Any என்ற இடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பொம்மைகளை மாற்றி மாற்றி மேய்க்கலாம்.

நாங்கள் எல்லாம் கோவையில் ஒரே காலேஜில் படித்து, ஒரே மெஸ்ஸில் திட்டு வாங்கியவர்கள். பெயர் எதற்கு, ஊரே போதும்: பொள்ளாச்சி, திருப்பூர், உடுமலை, பல்லடம், தாராபுரம், கோபி, கரூர், ஈரோடு, மேட்டுப்பாளையம், நாமக்கல், சிங்காநல்லூரான நான். இதில் நாமக்கல் மட்டும் எங்களுக்கு சீனியர், அதனால் அண்ணன்.

2020 ஊரடங்கில் ஆளாளுக்கு வீட்டில் அடைந்து கிடந்தபோது இதை ஆரம்பித்தோம். அப்போது பி.எஸ்.4 வைத்திருந்தவன் பி.எஸ்.4 வைத்திருந்தவனோடுதான் ஆடமுடியும். கம்ப்யூட்டர்க்காரர்கள் தனி ஜாதி, எக்ஸ்பாக்ஸ்காரன் இன்னொரு ஜாதி, ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆறேழு பேர் சேர்ந்தால் அதிகம், மிச்சத்தைப் பொம்மைகள் பார்த்துக்கொண்டன. 2023 செப்டம்பரில் வந்த ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 24-ல்தான் இந்த வேலிகளைப் பிரித்தார்கள். அப்போதும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். புது மெஷின்கள் ஒரு பந்தி, பழைய மெஷின்கள் வேறு பந்தி. பி.எஸ்.4-ஐ விடமாட்டேன் என்றிருந்த திருப்பூர், கம்பெனிக் கணக்கில் ஏதோ எழுதி பி.எஸ்.5 வாங்கிய நாள்தான் எங்கள் கிளப்புக்குப் பொன்னாள். ஒட்டுக்கா பதினொரு பேர். பொம்மையே இல்லை.

அன்றைக்குத்தான் பொம்மைகளின் அருமை புரிந்தது.

முதல் சண்டை கோல்கீப்பரில் தொடங்கியது. இதில் வரலாறு எங்கள் பக்கம். 1863-ல் எழுதிய விதிகளில் கோல்கீப்பர் என்றொரு ஆளே கிடையாது. 1871-ல்தான் கையால் பந்தைத் தொட ஒருவனை அனுமதித்து எழுதினார்கள். எட்டு வருசம் அந்தத் துரைமார்களில் எவனும் விரும்பி அங்கே நின்றிருக்கமாட்டான் என்பது என் ஊகம். கேமிலும் அதே கதைதான். 2008-ல் வந்த ஃபிஃபா 09-ல் ஒரு அணிக்குப் பத்து மனிதர்கள்தான், கீப்பர் கணினி. 2010-ல் வந்த ஃபிஃபா 11-ல்தான் மனிதன் அந்த வலைக்கு முன்னால் நிற்கலாம் என்றார்கள். இன்றைக்கும் பல கிளப்புகள் கீப்பர் இடத்தை கணினிக்கே விட்டுவிடுகின்றன. ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. பந்து வராத வரைக்கும் தூக்கம் வரும், வந்துவிட்டால் திட்டு வரும்.

மேட்டுப்பாளையம் அதை எடுத்துக்கொண்டது தியாகத்தால் அல்ல. அவன் வீட்டில் குழந்தை தூங்குகிற நேரம். ஒரு கையில் தொட்டில் கயிறு, மறு கையில் கன்ட்ரோலர். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது தொட்டிலை ஆட்டலாம் என்று கணக்குப் போட்டான். பந்து அந்தப் பக்கம் போகவே இல்லை என்பது வேறு விஷயம்.

மற்ற பத்துப் பேர் கதைக்கு வருவோம். அமைப்பு 4-3-3 என்று காகிதத்தில் அழகாக முடிவு செய்திருந்தோம். விசில் ஊதிய அரை நிமிடத்தில் நான் திரைக்குக் கீழே இருக்கிற ரேடாரைப் பார்த்தேன். அந்தச் சின்ன வரைபடத்தில் எங்கள் புள்ளிகள் ஒன்பது, பந்தைச் சுற்றி ஒரே இடத்தில் மொய்த்திருந்தன. கிடா விருந்தில் பந்தியில் உட்கார அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், பரிமாற ஒருத்தனும் இல்லை.

இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, கணக்கு. ஒரு பாதி ஆறு நிமிடம், மொத்தம் பன்னிரண்டு நிமிடம், அதாவது 720 வினாடி. களத்தில் இருபத்திரண்டு பேர். வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒருவன் காலில் பந்து இருப்பது முப்பத்துமூன்று வினாடி. மிச்சம் பதினொன்றரை நிமிடமும் சும்மா ஓட வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். வேலையெல்லாம் முடித்து, சாப்பிட்டு, வீட்டில் பேச்சு வாங்கி, பொழுது போன பிறகு உட்காருகிறவனிடம் பதினொன்றரை நிமிடம் சும்மா இருடா என்றால் இருப்பானா? பந்தைத் தேடித்தான் போவான். போதாக்குறைக்கு ஒவ்வொருவனுக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது கேம். கோல் அடித்தவனுக்கு அது எகிறும். இடத்தில் அமைதியாக நின்று ஒரு பாஸை வரவிடாமல் செய்தவனுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அலுவலகத்திலும் அப்ரைசல் இப்படித்தான் என்று பல்லடம் பெருமூச்சு விட்டான்.

இதில் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் 1872 நவம்பர் 30-ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் பார்ட்டிக் என்ற இடத்தில், ஒரு கிரிக்கெட் மைதானத்தில், உலகத்தின் முதல் சர்வதேசக் கால்பந்து மேட்ச். இங்கிலாந்து ஏழெட்டுப் பேரை முன்னால் நிறுத்தியது, ஸ்காட்லாந்து ஆறு பேரை. மொத்தத்தில் பதின்மூன்று பதினாலு பார்வர்டுகள். ஆளாளுக்குப் பந்தைக் காலில் ஒட்டிக்கொண்டு தலையைக் குனிந்து ஓடுவதுதான் இங்கிலாந்துக்காரனுக்குத் தெரிந்த ஆட்டம். இன்னொருவனுக்குக் கொடுப்பது கௌரவக் குறைச்சல். முடிவு 0-0. நாலாயிரம் பேர் ஆளுக்கொரு ஷில்லிங் கொடுத்து அதைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்டத்தை யாரும் காசு கொடுத்துப் பார்க்கவில்லை, அந்த அளவுக்கு நாங்கள் யோக்கியர்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இங்கிலாந்துக்காரர்களைவிட எடை குறைவு. மோதினால் விழுவோம் என்று தெரிந்து, பந்தை ஒருவனுக்கொருவன் தாட்டிவிட்டு ஆடினார்கள். பாஸ் என்கிற பெரிய தத்துவம் இப்படித்தான் வந்தது, உடம்பில் சதை இல்லாததால். எங்களிடமும் அதே மாதிரி வந்தது. பொள்ளாச்சி தன் வீரனைக் குள்ளமாக, ஒல்லியாகச் செய்து வைத்திருந்தான். இந்தக் கேமில் குள்ளன் வெசையாகத் திரும்புவான், ஆனால் மோதினால் பறப்பான். மூன்று தடவை பறந்தபிறகு, "ஏன்டா, இதக் குடுத்துட்டு ஓடுனா நல்லதாட்டம் இருக்குதே" என்றான். கூட்டத்தில் ஒரே கைதட்டல். 1872-ஐத் தாண்டிவிட்டோம்.

ஆனால் பாஸ் வந்ததும் அடுத்த வியாதி வந்தது, பந்து கேட்பது. பாஸ் பட்டனை அழுத்தினால் உங்களுக்குப் பந்து வேண்டும் என்று கூட்டாளிக்குத் தெரியும். பொம்மையாக இருந்தால் பெரும்பாலும் கேட்டதும் கொடுத்துவிடும். மனுசனுக்கு மானம் இருக்கிறதே, கொடுக்கமாட்டான். திருப்பூர் அந்தப் பட்டனை விடாமல் அடிப்பான், கூடவே மைக்கில் "இங்க, இங்க, இங்கடா" என்பான். எங்கே என்று சொல்லமாட்டான். ஒன்பது பேர் ஒரே நேரத்தில் "இங்க" என்றால் பந்து வைத்திருப்பவனுக்கு ஒன்பது திசையும் ஒரே திசைதான். பிறகு ஒரு சட்டம் போட்டோம்: ஆள் ஒட்டாமல் காலியாக நிற்கிறவன் மட்டும், ஒரு தடவை மட்டும் அழுத்தவேண்டும். திருப்பூருக்கு அது எமர்ஜென்சி மாதிரி இருந்தது.

அடுத்து வந்தது 1925. அதுவரை ஆஃப்சைடு விதிப்படி, முன்னால் நிற்கிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியில் மூன்று பேராவது இருக்கவேண்டும். ஒரு பேக் முன்னால் ஏறினாலே போதும், எதிரி மாட்டிக்கொள்வான், இன்னொரு பேக் காப்பீடாகப் பின்னால் நிற்பான். 1925-ல் மூன்றை இரண்டாக்கினார்கள். அவ்வளவுதான், கோல் கொட்டியது. ஆர்சனல் அணி அந்த அக்டோபர் 3-ஆம் தேதி நியூகாசிலில் 7-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. சார்லி பக்கன் என்ற மூத்த ஆட்டக்காரர், மானேஜர் ஹெர்பர்ட் சாப்மனிடம் போய்ப் பேசினார். நடுவில் ஆடுகிற சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து ரெண்டு பேக்குக்கும் நடுவில் நிறுத்துங்க, அவன் விட்டுப்போன நடுக்களத்துக்கு முன்னாலிருந்து ஒருத்தனை இறக்குங்க என்பது அவர் யோசனை. இறங்கி ஆடும் வேலையைத் தானே செய்யவும் ஆசை. சாப்மன் யோசனையை எடுத்துக்கொண்டார், பக்கனை எடுத்துக்கொள்ளவில்லை. நீ முன்னால நின்னு கோல் அடிக்கிற வேலையப் பாரு என்று சொல்லிவிட்டு, ஆண்டி நீல் என்ற மெதுவான ஆளை அங்கே போட்டார். ஓட வராது, ஆனால் பந்து காலில் நிற்கும், கொடுக்கிற இடம் தெரியும். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாமை 4-0 என்று ஜெயித்தார்கள்.

எங்களுக்கும் ஒரு ராத்திரி ஏழு விழுந்தது. எதிரணியில் ஒரு ஸ்ட்ரைக்கர், எங்கள் கடைசி ஆளின் தோளை ஒட்டியே நின்று, பாஸ் காலை விட்டுக் கிளம்பும் நொடியில் ஓடுவான். ஒவ்வொரு கோலும் ஒரே மாதிரி விழுந்தது. ஒரே மாதிரி விழுகிற கோல் துரதிர்ஷ்டம் இல்லை, ஓட்டை. ஈரோட்டை நடு ஸ்டாப்பராகப் பின்னால் இழுத்தோம். ஆறடிக்கு மேல் உயரம் வைத்து வீரனைச் செய்திருந்தான், தலைக்கு வருவதெல்லாம் அவனுக்கு. அவன் விட்டுப்போன நடுக்களத்துக்கு ஆள் வேண்டும். எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அப்போது நாமக்கல் அண்ணன் பேசினார். "ஏனுங்டா, எனக்கு வெரலு வெசையா ஓடாது. நெட்டும் சொத சொதங்குது. நடுவுல நின்னு வர்றதத் தாட்டி உட்டாப் போதும்னா நான் நின்னுக்கறேன்." எங்கள் ஆண்டி நீல் கிடைத்துவிட்டார். அதுவரை அவரைப் பாவம் பார்த்து விங்கில் வைத்திருந்தோம். விங்கில் ஓட்டம் வேண்டும். நடுவில் வேண்டியது பந்து வருமுன்னே அடுத்து யாருக்கு என்று பார்த்து வைத்திருக்கிற தலை. முப்பது லோடு லாரியை நாலு மாநிலத்தில் நிறுத்திவைத்து எது எங்கே இருக்கிறது என்று படுக்கையில் இருந்தே சொல்கிறவருக்கு அது புதுசா?

அமைப்பை 3-5-2 என்று மாற்றினோம். பின்னால் மூன்று ஸ்டாப்பர், நடுவில் ஐந்து, முன்னால் இருவர். போட்டியாக ஆடுகிற கிளப்புகள் பல இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காரணம், நடுவில் கூட்டம் அதிகம், பின்னாலும் எப்போதும் மூன்று பேர். விங்கில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஆள், அவன்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். உடுமலையும் தாராபுரமும் அந்த மாட்டு வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் நிம்மதி. அப்புறம் ஈரோடு மேலே போக ஆரம்பித்தான். கேட்டால் வரலாறு பேசினான், அதுவும் உள்ளூர் வரலாறு. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர், ஆனால் ஐ-லீக் சீசனை ஆடியது நம்ம ஊரில். ஜெயித்தால் கோப்பை என்ற கடைசி மேட்ச், எதிரில் மினர்வா பஞ்சாப். முதலில் கோல் வாங்கிப் பின்தங்கினார்கள். பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்த சீசனில் இருபத்தொரு கோல் அடித்த ஸ்ட்ரைக்கர் அவர், அதில் அதிசயம் இல்லை. அதற்குப் பிறகு விழுந்த இரண்டு கோலையும் அடித்தது கௌரவ் போரா, ஒரு தடுப்பாட்டக்காரர். 3-1, கோப்பை. ஈஸ்ட் பெங்கால் ஒரே புள்ளியில் பின்னால் நின்றது.

"போரா போனாரல்லோ? அவரு பின்னாடியே நின்னிருந்தா கோப்பை வந்திருக்குமா?" என்று ஈரோடு கேட்டான்.

கரூர் அமைதியாகச் சொன்னான்: "போரா போனப்ப, அவரு எடத்துல ஒருத்தன் நின்னிருப்பான். அவன் பேரு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் கிளப்பின் அரசியல் சாசனம் பிறந்தது. இடத்தை விட்டு மேலே ஏறுகிறவன் "போறேன்" என்று சொல்லவேண்டும். அவனுக்குப் பக்கத்து இடத்துக்காரன் "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். "இருக்கேன்" காதில் விழாமல் எவனும் போகக்கூடாது. ஈரோடு போனால் கரூர் இறங்கி நிற்பான், உடுமலை ஏறினால் தாராபுரம் அந்தப் பக்கம் தங்குவான். மற்றபடி எதிரி பந்து வைத்திருக்கும்போது பேசுகிற உரிமை மேட்டுப்பாளையத்துக்கு மட்டும். கீப்பருக்குத்தான் மொத்த மைதானமும் முன்னால் தெரிகிறது, வேறு வேலையும் இல்லை. தொட்டில் குழந்தை எழுந்துவிடும் என்பதால் கிசுகிசுத்துத்தான் பேசுவான். அதனாலேயே பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டியதாயிற்று.

சாசனம் வந்தவுடன் சோதனையும் வந்தது, நேராக 1953-லிருந்து. அந்த நவம்பர் 25-ஆம் தேதி வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று பிரித்து மேய்ந்தது. ஹங்கேரியின் ஒன்பதாம் நம்பர் ஹிதேகுட்டி. ஒன்பது என்றால் முன்னால் நிற்கவேண்டிய ஆள், ஆனால் அவர் நடுக்களத்துக்கு இறங்கிப் போய் நின்றார். அவரைப் பிடிக்கவேண்டிய ஸ்டாப்பர் ஹாரி ஜான்ஸ்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே போனால் நடுவில் பள்ளம் விழும், போகாமல் நின்றால் ஹிதேகுட்டி நிம்மதியாக ஆடுவார். அவர் மூன்று கோல் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

எங்கள் எதிரணி ஸ்ட்ரைக்கரும் அன்றைக்கு அப்படியே இறங்கினான். ஈரோடு விசுவாசமாக அவன் பின்னாலேயே போனான், நடு மைதானம் வரைக்கும். "போறேன்" என்று முறைப்படி சொன்னான், ஆனால் "இருக்கேன்" வருமுன்னே போய்விட்டான். அந்தப் பள்ளத்துக்குள் அவர்கள் விங்கர் குறுக்கே வெட்டி ஓடினான். கோபியும் நானும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து அவனை நோக்கிப் பாய்ந்தோம், எங்கள் ரெண்டு பக்கமும் திறந்துகொண்டது. இடைவேளையில் 0-2.

அந்த இடைவேளையில்தான் நாங்கள் ஜான்ஸ்டனுக்கு யாரும் சொல்லாததைக் கண்டுபிடித்தோம். ஆளைத் துரத்தவேண்டாம், ஆளை ஒப்படைக்கவேண்டும். ஸ்ட்ரைக்கர் ஈரோட்டைவிட்டு முன்னால் இறங்கினால் "கரூரு, உன்னுது" என்று சொல்லிவிட்டு ஈரோடு நின்ற இடத்திலேயே நிற்பான். கரூர் அவனை எடுத்துக்கொள்வான். பந்து வைத்திருப்பவனை ஒருத்தன்தான் நெருங்கவேண்டும், அடுத்தவன் பாஸ் போகிற வழியை மறித்து நிற்கவேண்டும். இரண்டு பேர் ஒரே பந்துக்குப் போனால் இரண்டாவது ஆள் எதிரிக்கு வேலை செய்கிறான் என்று அர்த்தம்.

இரண்டாம் பாதியில் அவர்கள் ஸ்ட்ரைக்கர் இறங்கினான், கரூர் காத்திருந்தான். மறுபடி ஏறினான், ஈரோடு காத்திருந்தான். நாலு தடவை பந்தைத் தொலைத்தபிறகு அவனே கடுப்பாகிப் பந்தைத் தேடி அலைய ஆரம்பித்தான், 1872-க்கே திரும்பிப் போய்விட்டான். கரூர் பறித்தான், நாமக்கல் அண்ணனுக்குக் கொடுத்தான். அண்ணன் பார்த்து வைத்திருந்த இடத்துக்கு ஒரே தட்டு, பொள்ளாச்சி ஓடிப்போய் அடித்தான். 1-2. கடைசி நிமிடத்தில் கார்னர். ஈரோடு "போறேன்" என்றான். கரூர் "இருக்கேன்" என்றான். தலையில் முட்டி 2-2. ஈரோடு மைக்கில் "போரா! போரா!" என்று கத்தியதில் மேட்டுப்பாளையத்துக் குழந்தை எழுந்துவிட்டது. கீப்பர் அத்தோடு ஆட்டத்தை விட்டுப் போய்விட்டான்.

இப்போது தாராபுரத்துக்கு அடுத்த ஆசை வந்திருக்கிறது. நாமும் 1974-க்குப் போகலாம் என்கிறான். ரினஸ் மிஹெல்ஸின் நெதர்லாந்து, க்ரைஃப், எவனும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற அந்த ஆட்டம்.

"அதத்தானடா மொத நாளு ராத்திரி ஆடுனோம்" என்றான் கோபி.

"இல்லைங்டா," என்றார் நாமக்கல் அண்ணன். "அவிங்க ஒருத்தன் போனா ஒருத்தன் அந்த எடத்துக்கு வந்திருவான். நம்ம 'இருக்கேன்'தான், பத்துப் பேரும் வாயத் தொறக்காம சொல்லியிருக்கறாங்க."

"அப்பறம் கோப்பை ஜெயிச்சாங்களாங்ணா?"

"இல்ல சாமி. பைனல்ல மேற்கு ஜெர்மனிகிட்ட 2-1."

திருப்பூர் உடனே மைக்கைப் போட்டான். "தோக்கறதுக்கு எதுக்குங்ணா அத்தன ரோசனை? அது நமக்கு முன்னாடியே நல்லா வருமே. நான் ஸ்ட்ரைக்கர், சொல்லிப்புட்டேன்."